பில்லிலேயே கழிந்த இருபதாயிரம், பிறகு கழிந்த ஆயிரத்து அறுநூறு

சென்னிமலையில் பெட்ஷீட் உற்பத்தி செய்யும் ஒருவர், மதுரையில் உள்ள ஜவுளிக் கடைக்கு 200 பெட்ஷீட் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலில் ஒன்றின் விலை 500 ரூபாய். மொத்தமாக வாங்கும் கடைக்காரர் என்பதால் 20 சதவீதம் தள்ளுபடி. அதனால் பெட்ஷீட் ஒன்று 400 ரூபாய்க்கு வருகிறது. ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு 80,000 ரூபாய்க்குப் பில்லாகிறது. அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 4,000 ரூபாய். ஆக, பில் தொகை 84,000. முப்பது நாள் கெடு. சரக்கு லாரி ஏறிய பிறகு உற்பத்தியாளர் போனில் சொல்கிறார்: “பேசினபடி பத்து நாளுக்குள்ள பணத்தைப் போட்டு விட்டுருங்க, ரெண்டு பர்சென்ட் சி.டி. கழிச்சுக்குங்க.”

இந்த ஒரே வியாபாரத்தில் இரண்டு தள்ளுபடிகள் இருக்கின்றன. முதலாவது வியாபாரத் தள்ளுபடி, 20,000 ரூபாய். இரண்டாவது, சந்தையில் சி.டி. என்று சொல்லப்படும் ரொக்கத் தள்ளுபடி. சரக்கின் மதிப்பான 80,000-க்கு 2 சதவீதம் என்றால் 1,600 ரூபாய். இருவரின் கணக்குப் புத்தகங்களையும் விரித்துப் பார்த்தால், பெரிய தொகையான 20,000 எந்தப் பேரேட்டிலும் இருக்காது. சிறிய தொகையான 1,600-க்குத் தனிக் கணக்கே இருக்கும். கணக்குப்பதிவியலைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். பல ஆண்டுகள் கடை நடத்துகிறவர்களும் இங்கே தவறு செய்கிறார்கள். அந்தத் தவறு வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடுவதில்லை. விலை வைப்பதிலேயே கையைச் சுட்டுவிடுகிறது.

20,000 ஏன் புத்தகத்தில் ஏறுவதில்லை? அது யாரும் யாருக்கும் தர வேண்டியிருந்த பணமே அல்ல. மதுரைக் கடைக்காரர் ஒரு நிமிடம்கூட ஒரு லட்சம் ரூபாய் கடன்பட்டிருக்கவில்லை. விலைப்பட்டியல் என்பது பேரம் தொடங்கும் இடம். ஒரே பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு, சில்லறை வாடிக்கையாளருக்கு ஒரு விலை, சிறு கடைக்கு ஒரு விலை, பெரிய கடைக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொல்வதற்கான வசதிதான் வியாபாரத் தள்ளுபடி. கடைக்காரர் தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ள அந்த 100 ரூபாய் இடைவெளி தேவை. இருவரும் ஒப்புக்கொண்ட விலை 400. நடந்த விற்பனை 80,000. புத்தகம் நடந்ததை மட்டுமே எழுதும்.

எனவே பில் போட்ட அன்று உற்பத்தியாளரின் குறிப்பேட்டில் கடைக்காரர் கணக்கில் 84,000 பற்று. விற்பனைக் கணக்கில் 80,000 வரவு. மத்திய, மாநில ஜி.எஸ்.டி. கணக்குகளில் தலா 2,000 வரவு. அவ்வளவுதான். 20 சதவீதம் என்ற சொல் பில்லில் இருக்கும், விற்பனை ஏட்டின் விவரப் பகுதியில் கழித்துக்காட்டப்படலாம், ஆனால் பேரேட்டுக்குள் நுழையாது. கடைக்காரரின் புத்தகத்தில் இதே பதிவு கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி நிற்கும்: கொள்முதல் 80,000, உள்ளீட்டு வரி 4,000, சென்னிமலைக்காரருக்குத் தர வேண்டியது 84,000.

இனி ரொக்கத் தள்ளுபடிக்கு வருவோம். பில் போட்ட அன்று அது நடக்குமா, நடக்காதா என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் எட்டாம் நாள் பணம் அனுப்பலாம், முப்பதாம் நாளும் அனுப்பலாம், நாற்பது நாள் இழுத்தடிக்கவும் செய்யலாம். அதனால் அன்றைக்கு அவர் பட்ட கடன் முழு 84,000. எட்டாம் நாள் அவர் வங்கி மூலம் 82,400 அனுப்பும்போதுதான் 1,600 உயிர் பெறுகிறது. அன்று உற்பத்தியாளர் எழுதுவது: வங்கிக் கணக்கு 82,400 பற்று, அளித்த தள்ளுபடிக் கணக்கு 1,600 பற்று, கடைக்காரர் கணக்கு 84,000 வரவு. கடைக்காரரின் புத்தகத்தில் சென்னிமலைக்காரர் கணக்கு 84,000 பற்று, வங்கி 82,400 வரவு, பெற்ற தள்ளுபடி 1,600 வரவு. ஒருவருக்குச் செலவு, மற்றவருக்கு வருமானம். பழைய மூன்று பத்தி ரொக்க ஏட்டில் ரொக்கம், வங்கி ஆகியவற்றோடு தள்ளுபடிக்கும் ஒரு பத்தி வைத்திருந்ததன் காரணம் இதுதான்: பணம் கைமாறும் அந்தக் கணத்தில்தான் இந்தத் தள்ளுபடி பிறக்கிறது. இன்றைக்கு டாலியில் ரசீது வவுச்சர் போடும்போது `Discount Allowed` என்ற லெட்ஜரைச் சேர்ப்பதும் அதே வேலைதான்.

ஆண்டிறுதிக் கணக்கிலும் இவை நிற்கும் இடம் வேறு. வியாபாரத் தள்ளுபடி கழிந்த 80,000 வியாபாரக் கணக்கின் விற்பனையாக இருந்து மொத்த லாபத்தைத் தீர்மானிக்கும். ரொக்கத் தள்ளுபடி அதற்குக் கீழே, இலாப நட்டக் கணக்கில், வட்டி, வங்கிக் கட்டணம் போன்றவற்றோடு சேர்ந்து உட்காரும். முன்னது சரக்கின் விலையைப் பற்றியது, பின்னது பணம் எப்போது வருகிறது என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டிவிட்டால், சரக்கில் லாபம் வருகிறதா, வசூலில் லாபம் கரைகிறதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

இப்போது தவறாக எழுதினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இந்த 200 பெட்ஷீட்டுகளை நெய்ய நூல், சாயம், கூலி எல்லாம் சேர்த்து உற்பத்தியாளருக்கு 68,000 ரூபாய் ஆனது, அதாவது ஒன்றுக்கு 340 ரூபாய் என்று கொள்வோம். சரியாக எழுதினால் விற்பனை 80,000, மொத்த லாபம் 12,000, அதாவது 15 சதவீதம். புதிதாக வந்த கணக்கர் விற்பனையை ஒரு லட்சம் என்று எழுதி, 20,000-ஐ ‘தள்ளுபடி’ என்ற செலவுக் கணக்கில் போட்டுவிடுகிறார். இப்போது மொத்த லாபம் 32,000, அதாவது 32 சதவீதம்! கீழே தள்ளுபடிச் செலவு 21,600 கழிந்து, நிகரத் தொகை இரண்டு வழியிலும் 10,400-தான் வரும். நிகரம் ஒத்துப்போவதால் இந்தப் பிழையை யாரும் கவனிப்பதில்லை. கடைகளில் இது ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் உற்பத்தியாளர் விலை பேசும்போது கையில் வைத்திருப்பது நிகரத்தை அல்ல, அந்த மொத்த லாப சதவீதத்தை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய கடை வருகிறது. “இன்னும் ஒரு பத்து பர்சென்ட் சேர்த்துக் கழிச்சுக் குடுங்க, ஐந்நூறு பீஸ் எடுத்துக்கறோம்” என்கிறார்கள். 32 சதவீதம் லாபம் இருக்கிறதே, பத்தை விட்டாலும் 22 மிஞ்சுமே என்று அவர் தலையாட்டிவிடுகிறார். உண்மையில் நடந்தது என்ன? 500 ரூபாய்ப் பட்டியல் விலையில் 30 சதவீதம் போனால் விற்பனை விலை 350. அடக்கம் 340. ஒரு பெட்ஷீட்டுக்கு நிற்பது 10 ரூபாய். அந்தக் கடையும் பத்து நாளில் பணம் கட்டி 2 சதவீத சி.டி.யை எடுத்துக்கொண்டால் அதில் 7 ரூபாய் போய்விடும். மிச்சம் 3 ரூபாய். லாரி வாடகை யாருடையது என்று இன்னும் பேசவே இல்லை. இல்லாத 20,000-ஐப் புத்தகத்தில் ஏற்றியதன் விலை இது.

வாங்குபவர் பக்கத்தில் இதே பிழை வேறு உருவம் எடுக்கிறது. மதுரைக் கடைக்காரர் கொள்முதலை ஒரு லட்சம் என்று எழுதி, 20,000-ஐப் ‘பெற்ற தள்ளுபடி’ வருமானமாகக் காட்டுகிறார் என்று வையுங்கள். மார்ச் 31 அன்று 140 பெட்ஷீட் விற்று 60 மீதி இருக்கிறது. அந்த அறுபதையும் அவர் 500 ரூபாய் வீதம் 30,000 என்று மதிப்பிடுவார். உண்மையான அடக்கம் 24,000. இடையில் உள்ள 6,000 ரூபாய், விற்காத சரக்கின் மேல் வந்த கற்பனை லாபம். அதற்கு அவர் வருமான வரியும் கட்டுவார். சரக்கு வாங்கியதாலேயே ஒருவருக்கு லாபம் வந்துவிடாது, விற்றால்தான் வரும். இந்திய கணக்கியல் தரநிலை 2 இதைத் தெளிவாகவே சொல்கிறது: சரக்கிருப்பின் அடக்கத்தைக் கணக்கிடும்போது வியாபாரத் தள்ளுபடியைக் கழித்துவிட வேண்டும்.

சரக்கு திரும்பி வரும்போதும் இந்தக் குழப்பம் தலைகாட்டும். சாயம் ஒட்டியிருக்கிறது என்று 20 பெட்ஷீட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். பட்டியல் விலையைப் பார்த்து 10,000 ரூபாய்க்கு வரவுக் குறிப்பு போட்டுவிட்டால் 2,000 ரூபாய் நட்டம். விற்றது 400-க்கு. எனவே திருப்பமும் 400-க்குத்தான்: சரக்கு 8,000, வரி 400. பணம் கட்டும் முன்பே சரக்கு திரும்பியிருந்தால், சி.டி.யும் மீதமுள்ள 72,000-க்கு மட்டும், அதாவது 1,440.

தள்ளுபடிமேல் தள்ளுபடி கொடுப்பது ஜவுளியில் வழக்கம். ‘இருபதும் ஐந்தும்’ என்று பேசினால் அது 25 சதவீதம் ஆகாது. ஒரு லட்சத்தில் 20 போய் 80,000, அந்த 80,000-இல் 5 போய் 76,000. மொத்தம் 24 சதவீதம்தான். இரண்டுமே பில்லில் கழிந்தால் விற்பனையாக 76,000 மட்டும் எழுதினால் போதும்.

இனி, எல்லோரும் சண்டை போடும் ஜி.எஸ்.டி. விஷயம். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சரக்கு கொடுப்பதற்கு முன்போ கொடுக்கும்போதோ தந்து, பில்லிலேயே காட்டிய தள்ளுபடியை வரிக்குரிய மதிப்பிலிருந்து விலக்குகிறது. அதனால்தான் நம் பில்லில் வரி ஒரு லட்சத்துக்கு இல்லாமல் 80,000-க்கு வந்தது. வாய்ப்பேச்சில் 20 சதவீதம் என்று சொல்லிவிட்டு, பில்லில் முழு விலையைப் போட்டால் முழு விலைக்கும் வரி கட்ட வேண்டியதுதான்.

எட்டாம் நாள் கழிந்த 1,600 பில்லில் இல்லை. அதற்குரிய வரி 80 ரூபாய். வரியைக் குறைக்க வேண்டுமானால் ஜி.எஸ்.டி. வரவுக் குறிப்பு போட வேண்டும், வாங்கியவர் அந்த அளவுக்குத் தன் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், சட்டத்தின் நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். அந்த நிபந்தனைகளில் ஒன்று, தள்ளுபடி முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருந்து, குறிப்பிட்ட பில்லோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை நீக்கப் பரிந்துரை செய்தது. உங்கள் பில்லின் தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் சிறு வியாபாரிகள் பலரும் 80 ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போவதில்லை. வரியைத் தொடாமல், 1,600-க்கு மட்டும் சாதாரண வணிக வரவுக் குறிப்பு கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அது தவறும் இல்லை. அப்படிச் செய்யும்போது விற்றவரின் வரிப் பொறுப்பு 4,000-ஆகவே நிற்கும், வாங்கியவரும் 4,000 உள்ளீட்டு வரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இது 2019-இலும் 2025-இலும் வந்த சுற்றறிக்கைகளில் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. விற்றவர் வரியைக் குறைத்துக்கொள்ள, வாங்கியவர் உள்ளீட்டைக் குறைக்காமல் இருப்பதுதான் பிரச்சினையைக் கொண்டுவரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தகராறு: 2 சதவீதம் 80,000-க்கா, 84,000-க்கா? வித்தியாசம் அதே 80 ரூபாய். விற்றவர் 82,400 வரும் என்று எதிர்பார்க்க, வாங்கியவர் 1,680 கழித்து 82,320 அனுப்புகிறார். அந்த எண்பது ரூபாய் கடைக்காரர் கணக்கில் நிலுவையாக நின்று, பில்லுக்குப் பில் சேர்ந்து, ஆண்டிறுதியில் கணக்கு ஒத்துப்பார்க்கும்போது இருவரையும் முறைத்துக்கொள்ள வைக்கும். ‘வரி நீங்கலாக’ என்ற இரண்டு சொற்களைப் பில்லின் அடியில் சி.டி. நிபந்தனையோடு அச்சடித்துவிட்டால் இது வராது.

சரக்கு எடுக்கும்போதே பணத்தைக் கையில் கொடுத்து, பில்லிலேயே 2 சதவீதத்தைக் கழித்து வாங்குகிறவரும் உண்டு. அதன் பெயர் ரொக்கத் தள்ளுபடிதான். ஆனால் அங்கே காத்திருக்க எதுவும் இல்லை. விற்பனையே 78,400-க்கு நடந்துவிட்டது, வரியும் அதற்குத்தான். எனவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், தொகை எப்போது உறுதியாகிறது என்று பார்ப்பதே சரியான வழி. ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சரக்கு எடுத்தால் கடைசியில் கிடைக்கும் கழிவு இதற்கு நேர்மாறானது. அது பின்னால் வந்தாலும், அதிகம் வாங்கியதற்காகக் கிடைப்பது, சீக்கிரம் கட்டியதற்காக அல்ல. அதை விற்பனையிலிருந்து குறைத்துக் காட்டுவதே முறை. கணக்கியல் தரநிலை 9-உம் வியாபாரத் தள்ளுபடியோடு சேர்த்தே அதைப் பேசுகிறது.

பெரிய பட்டியலிட்ட நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 2018 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த இந்திய கணக்கியல் தரநிலை 115-இன்படி, வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் ரொக்கத் தள்ளுபடியை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்தத் தொகையை வருவாயிலிருந்தே கழித்துவிட வேண்டும். அவர்களுடைய ஆண்டறிக்கையில் ‘அளித்த தள்ளுபடி’ தனிச் செலவாகத் தெரியவில்லையே என்று தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகங்களிலும் சிறு கடைகளிலும் இருப்பது மேலே சொன்ன பழைய முறையே.

அந்தப் பழைய முறைக்கு ஒரு பெரிய பயன் இருக்கிறது. தனிக் கணக்கு இருப்பதால் அந்த 1,600-ஐ வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கடைக்காரர் பத்தாம் நாள் 82,400 கட்டாமல் முப்பதாம் நாள் 84,000 கட்டினால், 82,400 ரூபாயை 20 நாள் வைத்திருக்க 1,600 ரூபாய் கொடுத்தார் என்று பொருள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 35 சதவீத வட்டி! அவருக்கு 11 சதவீதத்தில் வங்கி ஓவர்டிராஃப்ட் இருந்தால், அதே தொகையை 20 நாளுக்கு எடுக்க 497 ரூபாய்தான் ஆகும். கடன் வாங்கியாவது சி.டி.யைப் பிடித்தால் 1,103 ரூபாய் மிச்சம். உற்பத்தியாளர் பக்கம் இதே கணக்கு எதிராக ஓடுகிறது. வங்கியில் 11 சதவீதத்துக்குப் பணம் கிடைக்கும்போது, 20 நாள் முன்னதாக வசூலிக்க அவர் 35 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வராக்கடன் பயம் இருந்தால் அது நியாயமான விலையாக இருக்கலாம். நாணயமான, பழகிய கடைக்கு அது வீண் செலவு. ஆனால் 20,000-உம் 1,600-உம் ஒரே கணக்கில் கலந்துகிடந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கவே அவருக்குத் தோன்றாது.

ஆண்டிறுதியில் ஒரு சிறு எச்சரிக்கை. மார்ச் 28 அன்று போட்ட பில்லுக்கு ஏப்ரல் 7 வரை சி.டி. உண்டு. மார்ச் 31 அன்று அது இன்னும் நடக்கவில்லை என்றாலும், விற்பனை இந்த ஆண்டுடையது. அதனால்தான் கடனாளிகள் மீதான தள்ளுபடிக்கு ஒதுக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் விற்பனை அதிகமாகும் கடைகள் இதை விட்டுவிடக் கூடாது.

உங்கள் கடையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அளித்த தள்ளுபடி லெட்ஜரைத் திறந்து இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பதிவும் பணம் வந்த தேதியில் இருக்க வேண்டும். தொகை ஒன்று, இரண்டு, மூன்று சதவீத அளவில் இருக்க வேண்டும். பில் தேதியிலேயே, பதினைந்து, இருபது சதவீத அளவில் பதிவுகள் இருந்தால் அவை தவறான இடத்தில் ஏறிய வியாபாரத் தள்ளுபடி. அதேபோல் வாடிக்கையாளர் கணக்குகளில் பில்லுக்குச் சரியாக இரண்டு சதவீதம் மாதக்கணக்கில் நிலுவை நின்றால், சி.டி. கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறார்கள். முதல் வகையைத் திருத்த, விற்பனைக் கணக்கில் பற்று, தள்ளுபடிக் கணக்கில் வரவு. இரண்டாவதற்கு, தள்ளுபடிக் கணக்கில் பற்று, வாடிக்கையாளர் கணக்கில் வரவு. மார்ச் 31-க்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.